ஒற்றை வரி பில்லை ஏற்க முடியாது: நம் வட்டார மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கத்துக்குத் திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

என் கையில் ஒரு பில் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கார்பன் நகல். மேலே பட்டறையின் பெயர், அதன் ஜி.எஸ்.டி. எண், என் வண்டி எண். நடுவில் சாய்வாக ஒரே ஒரு வரி: "ஆக்ஸிடென்ட் வேலை மொத்தம்". வலது ஓரத்தில் ரூ. 52,000. அதற்குக் கீழே பன்னிரண்டு கோடுகள் வெறுமனே கிடக்கின்றன.

இதைப் பிரித்துக் கொடுங்கள் என்று பட்டறை உரிமையாளரிடம் கேட்டேன். "அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல. இன்சூரன்ஸ் வண்டிக்கு மொத்தமாத்தான் பில் போடணும்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. நீங்க அங்கதான் கேக்கணும்" என்றார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. பானட் மூடும்போது வரும் சத்தம்கூடப் பழையபடியே இருக்கிறது. சண்டை உங்கள் தீர்மானத்தோடுதான்.

நான் ஓர் அரிசி ஆலையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். நெல்லுக்கு ஒரு வரி, சாக்குக்கு ஒரு வரி, ஏற்றுக்கூலிக்கு ஒரு வரி என்று பிரித்துப் பிரித்தே பழகிய கை. அந்தக் கைக்கு இந்த ஒற்றை வரியே உறுத்துகிறது. ஆனால் நான் எழுத வந்தது உறுத்தலைப் பற்றி அல்ல, அது என் பையிலிருந்து எடுத்துக்கொண்ட ரூ. 11,500 பற்றி.

தீபாவளி முடிந்த மறுவாரம், திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில், வையம்பட்டி தாண்டி, முன்னால் போன சரக்கு வண்டி திடீரென்று பிரேக் போட்டது. நானும் பிரேக் அடித்தேன், போதவில்லை. இடது முன்பக்கம் போய்ச் செருகிக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. பானட் மடங்கி மேலே எழும்பியது. இடது ஃபென்டர், பம்பர், ஹெட்லைட், உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், எல்லாம் போயிற்று. வண்டிக்கு வயது மூன்று வருடம் ஏழு மாதம். 1500 சி.சி.க்குக் கீழே உள்ள பெட்ரோல் கார். பாலிசி சாதாரண முழுக் காப்பீடு. 'பம்பர் டு பம்பர்' என்று சொல்கிறார்களே, அந்தத் தேய்மானமில்லாப் பாலிசியை நான் எடுக்கவில்லை. அது என் கஞ்சத்தனம், அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் உறுப்பினர் பட்டறைகள் பலவற்றுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியோடு 'கேஷ்லெஸ்' ஏற்பாடு கிடையாது. வண்டிக்காரர் முழுப் பணத்தையும் பட்டறையில் கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துக் கம்பெனியிடம் திரும்ப வாங்க வேண்டும். நானும் அப்படித்தான் 52,000 ரூபாயைக் கட்டி வண்டியை எடுத்தேன். ஆக, நீங்கள் எழுதித் தரும் காகிதம் ஒன்றுதான் அந்தப் பணம் திரும்பி வருவதற்கான வழி.

அந்தக் காகிதத்தைக் கம்பெனி எப்படிப் படிக்கிறது என்று இந்த நான்கு மாதத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டேன். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தும் இப்படியொரு தீர்மானம் போட்டிருக்கிறீர்கள் என்பதால், தெரியாததுபோல வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

பாலிசியிலேயே தேய்மானக் கணக்கு அச்சிட்டிருக்கிறது. 2002இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் உள்ள வாசகம்தான் இன்றும் பாலிசிகளில் நிற்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் என்றால் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். ஃபைபர் கிளாஸ் என்றால் 30 சதவீதம். கண்ணாடி என்றால் ஒரு பைசா கழிக்கமாட்டார்கள். மற்ற பாகங்களுக்கு, அதாவது பெரும்பாலும் தகரத்துக்கும் இரும்புக்கும், வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. மூன்று முடிந்து நான்கு முடியாத என் வண்டிக்கு 25 சதவீதம். லேபருக்குக் கழிவே இல்லை.

பெயின்டுக்குத் தனி விதி. பெயின்ட் வேலையில் சாமானின் விலைக்கு மட்டும்தான் பாதி கழிவு. பில்லில் பெயின்டிங் என்று ஒரே தொகையாக இருந்தால், அதில் நான்கில் ஒரு பங்கைச் சாமான் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கால்பங்கில் பாதியைக் கழிக்க வேண்டும். கணக்குப் போட்டால் மொத்தப் பெயின்ட் தொகையில் எட்டில் ஒரு பங்குதான் போகும்.

அதாவது ஒரே பில்லில் ஐந்து விதமான ரூபாய் இருக்கிறது. கண்ணாடி ரூபாய் முழுசாகத் திரும்பும். லேபர் ரூபாயும் முழுசாகத் திரும்பும். பெயின்ட் ரூபாயில் இரண்டணா போகும். தகர ரூபாயில் நாலணா போகும். பிளாஸ்டிக் ரூபாயில் எட்டணா போகும். எந்த ரூபாய் எது என்று எழுதவில்லை என்றால், வாங்குகிறவன் தனக்குச் சௌகரியமான ரூபாயாகத்தான் எடுத்துக்கொள்வான்.

என் வண்டியில் உண்மையில் நடந்த வேலை இது. எல்லாத் தொகையும் ஜி.எஸ்.டி. சேர்த்தது. பானட் 7,200, ஃபென்டர் 3,000, ரேடியேட்டர் சட்டம் 3,800. ஆகத் தகரம் 14,000. பம்பர் 3,600, ஹெட்லைட் 5,200, உள் லைனரும் கிளிப்புகளும் 1,200. ஆகப் பிளாஸ்டிக் 10,000. ஹெட்லைட்டைக் கண்ணாடிக் கணக்கில் சேர்க்கலாமா என்று, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயரிடம் கேட்டுப் பார்த்தேன். "அது அந்தக் காலம் சார். இப்ப லென்ஸே பிளாஸ்டிக்தான்" என்றார். நியாயம்தான்.

முன் கண்ணாடி 7,000. பெயின்ட் நான்கு பேனல், பேனலுக்கு 3,000 வீதம் 12,000. கழற்றி மாட்டிய கூலி, டிங்கரிங், கண்ணாடி ஒட்டிய கூலி, ஹெட்லைட் வயரிங் எல்லாம் சேர்ந்து லேபர் 9,000. கூட்டினால் 52,000 சரியாக வருகிறது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டறை உரிமையாளரே வாயால் சொல்லச் சொல்ல நான் டைரியில் எழுதிக்கொண்டேன். சொல்லத் தயக்கமே இல்லை, எழுதிக் கொடுக்கத்தான் தயக்கம்.

இதே விவரம் பில்லில் இருந்திருந்தால் கணக்கு இப்படிப் போயிருக்கும். தகரத்தில் 3,500 கழிவு, பிளாஸ்டிக்கில் 5,000 கழிவு, பெயின்டில் 1,500 கழிவு, கண்ணாடிக்கும் லேபருக்கும் கழிவில்லை. மிச்சம் 42,000. அதில் என் வகை வண்டிக்குக் கட்டாயமாக வண்டிக்காரர் ஏற்க வேண்டிய 1,000 போக, கழற்றிப் போட்ட பழைய தகரத்துக்கு 800 போக, என் கணக்குக்கு 40,200 வந்திருக்க வேண்டும்.

வந்தது 28,700.

இடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒற்றை வரி பில்லைக் கம்பெனி எடுத்த எடுப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. பாகம், லேபர், பெயின்ட் தனித்தனியாக வேண்டும் என்று கடிதம். நான் பட்டறைக்கு நடந்தேன். முதல் தடவை உரிமையாளர் ஊரில் இல்லை. இரண்டாம் தடவை சங்கத் தீர்மானம். மூன்றாம் தடவை, ஐந்து வாரம் கழித்து, அவரே மனம் இரங்கி, சங்கத்துக்கும் பாதகம் வராமல் எனக்கும் உதவுவதாக நினைத்து, இரண்டு வரியில் ஒரு பில் போட்டுக் கொடுத்தார். "உதிரிபாகங்கள், பெயின்ட் மெட்டீரியல் சேர்த்து 43,000. லேபர் 9,000."

அந்த இரண்டு வரி என்ன செய்தது என்று பாருங்கள். பெயின்ட் அடித்த கூலி, பட்டி வைத்துத் தேய்த்த கூலி, கிளியர் கோட் அடித்த கூலி, எல்லாம் அந்த 12,000க்குள்தான் இருந்தன. ஆனால் பில்லில் எழுதியிருப்பது 'பெயின்ட் மெட்டீரியல்'. பட்டறை தன் கைப்பட மெட்டீரியல் என்று எழுதித் தந்த பிறகு, மொத்தத் தொகையில் கால்பங்குதான் சாமான் என்ற விதி அங்கே வராது. அதனால் 12,000 முழுவதுக்கும் பாதி கழித்தார்கள். 1,500 போக வேண்டிய இடத்தில் 6,000 போயிற்று.

கண்ணாடி இதைவிட மோசம். மோதிய அன்று கண்ணாடியில் இடது கீழ் மூலையில், வைப்பர் கைக்கு அடியில், நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னக் கீறல்தான் இருந்தது. எழும்பிய பானட்டின் ஓரம் தட்டியதால் வந்தது. சர்வேயர் முதல் தடவை பார்த்தபோது மடங்கிய பானட் அதை மறைத்துக்கொண்டிருந்தது. எஸ்டிமேட்டிலும் அது இல்லை. பானட்டைக் கழற்றிய பிறகு கீறல் நீண்டு குறுக்கே ஓடிவிட்டது. பட்டறையில் நல்ல எண்ணத்தோடுதான் உடனே புதுக் கண்ணாடி ஒட்டினார்கள். சர்வேயருக்குச் சொல்லவில்லை, போட்டோ எடுக்கவில்லை, துணை எஸ்டிமேட் கொடுக்கவில்லை, பழைய கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் பில்லில் 'முன் கண்ணாடி 7,000' என்று ஒரு வரி இருந்திருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். வேலை முடிந்தபின் மறு ஆய்வுக்கு வந்த சர்வேயர் புதுக் கண்ணாடியைத் தன் கண்ணால் பார்த்தார். ஆனால் 43,000க்குள் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவராலும் காட்ட முடியவில்லை.

"சார், வண்டியில என்னென்ன மாத்தியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கம்பெனிக்கு நான் காகிதத்தைத்தான் காட்ட முடியும்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கண்ணாடிக்கு 7,000, பெயின்டில் கூடுதலாக 4,500. சேர்த்தால் 11,500. வேலை நடந்திருக்கிறது, பணம் உங்கள் உறுப்பினர் கைக்கு வந்திருக்கிறது, பாலிசியிலும் இடம் இருக்கிறது. போனது காகிதத்தில் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பட்டறை, விபத்து நடந்த மறுநாள் கொடுத்த எஸ்டிமேட் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட தாளில் பம்பர், ஃபென்டர், பானட் என்று பதினொரு வரி, எதிரே எதிரே விலை, கீழே டிங்கரிங் தனி, பெயின்டிங் தனி. எழுத்துப் பிழைகூட இல்லை. எஸ்டிமேட்டை வரி வரியாக எழுதுகிற கைக்குப் பில்லை எழுதும்போது மட்டும் என்ன சுளுக்கு?

சுளுக்கு என்ன என்று விசாரித்தேன். உங்கள் உறுப்பினர்களில் நான்கு பேர் மனம் விட்டுப் பேசினார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்கள் சொன்னதில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் ஒன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் காரணம் ஸ்பேர் லாபம். பாகத்தின் விலையைத் தனியாக எழுதினால் வண்டிக்காரர் கடையில் போய் விசாரிப்பார், எங்களுக்குக் கடையில் கிடைக்கிற தள்ளுபடி தெரிந்துவிடும் என்றார்கள். கம்பெனிப் பாகத்தின் டப்பாவிலேயே அதிகபட்ச விலை ஒட்டியிருக்கிறது. அதை எழுதினால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. உங்களுக்குக் கடைக்காரர் எவ்வளவு கழித்துக் கொடுத்தார் என்பது என் வேலையுமில்லை, சர்வேயர் வேலையுமில்லை. டப்பா விலையை எழுதச் சங்கடம் எப்போது வரும் என்றால், டப்பாவே வராதபோதுதான். கிழிந்த பம்பரைச் சூடு வைத்து ஒட்டிப் பட்டி பூசிவிட்டுப் புதுப் பம்பர் கணக்கில் சேர்ப்பதும், லோக்கல் சாமானைப் போட்டுவிட்டுக் கம்பெனி விலை வாங்குவதும் எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்காவது நடந்தால் அதற்கு மறைவிடம் ஒற்றை வரி பில்தான். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களும் அதே போர்வைக்குள் ஏன் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்?

இரண்டாவது, ஜி.எஸ்.டி. இது பழைய பயம். முன்பு வண்டிப் பாகங்களில் பலவற்றுக்கு 28 சதவீதம், லேபருக்கு 18 சதவீதம் என்று இரண்டு விகிதம் இருந்தது. எதை எதில் சேர்ப்பது என்று குழப்பம் இருந்தது உண்மை. அதற்கும் 2018 ஜூன் மாதமே மத்திய வரி வாரியம் சுற்றறிக்கை எண் 47இல் பதில் சொல்லிவிட்டது. கார் பழுதுபார்ப்பில் பாகத்தின் மதிப்பையும் லேபரின் மதிப்பையும் தனித்தனியாகக் காட்டினால், அதது அதற்குரிய விகிதத்தில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பாகங்களுக்கும் 18 சதவீதம் ஆகிவிட்டது. இப்போது பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் வரி ஒன்றுதான். பிரித்து எழுதாததுதான் தப்பு. ஜி.எஸ்.டி. பில்லில் பொருள் அல்லது சேவையின் விவரம், அளவு, மதிப்பு இருக்க வேண்டும் என்பது விதி 46. 'ஆக்ஸிடென்ட் வேலை மொத்தம்' என்பது விவரம் ஆகாது. ஆலையில் நான் அப்படியொரு பில் போட்டால் எங்கள் ஆடிட்டர் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்.

மூன்றாவதுதான் எனக்கு வலிக்கிற காரணம். லேபரைத் தனியாகக் காட்டினால் சர்வேயர் வெட்டுகிறார் என்றார்கள். 9,000 என்று எழுதினால் 6,500 என்று பேனாவால் அடித்துவிடுகிறார், ஒரு டிங்கர் மூன்று நாள் சுத்தியலோடு உட்கார்ந்ததை ஐந்து நிமிடத்தில் குறைத்துவிட்டுப் போகிறார், அதனால் கூலியைப் பாகத்துக்குள் ஒளித்து வைக்கிறோம் என்றார்கள். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. வெட்டுவது நடக்கிறது. டிங்கர் கூலிக்கும் ஓர் ஒழுங்கான விகிதம் வேண்டும் என்று நீங்கள் கம்பெனிகளிடம் கேட்டால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒளித்து வைப்பதால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். லேபர் ஒன்றுதான் கழிவே இல்லாமல் திரும்பி வருகிற கூலிப்பணம். அதில் 1,000 ரூபாயைத் தூக்கிப் பம்பர் விலைக்குள் வைத்தால் அங்கேயே 500 செத்துப்போகிறது. ஃபென்டர் விலைக்குள் வைத்தால், என் வண்டி வயதுக்கு, 250 போகிறது. அந்த 500ம் 250ம் உங்கள் பையிலிருந்து போகாது. நீங்கள் முழுசாக வாங்கிவிட்டீர்கள். சர்வேயரின் பேனாவிலிருந்து உங்கள் கூலியைக் காப்பாற்ற, வண்டிக்காரனின் பணத்தைக் கேடயமாகப் பிடிக்கிறீர்கள்.

கூலியைப் பற்றிய பேரத்துக்கு இடம் பில் அல்ல, எஸ்டிமேட். வேலை தொடங்குவதற்கு முன் சர்வேயர் பட்டறைக்கு வருகிறாரே, அப்போது எந்த வேலைக்கு எவ்வளவு என்று வரி வரியாகக் காட்டிப் பேசி முடித்துவிட வேண்டும். என் வண்டியில் இடது முன் கதவுக்கு அடி இல்லை. ஆனால் அது மெட்டாலிக் சில்வர். ஃபென்டரை மட்டும் அடித்தால் கதவோடு நிறம் ஒட்டாது, அதனால் கதவுக்கும் மங்கலாக ஓட்டி அடிக்க வேண்டும் என்று உங்கள் உறுப்பினர்தான் சர்வேயரிடம் எடுத்துச் சொன்னார். எஸ்டிமேட்டில் 'கதவு, கலர் மேட்ச்' என்று எழுதியும் வைத்தார். சர்வேயர் தலையாட்டினார், நான்காவது பேனல் கிடைத்தது. எழுதிக் காட்டினால் கிடைக்கிறது என்பதற்கு உங்கள் ஆளே சாட்சி.

தேய்மானமில்லாப் பாலிசி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று ஒருவர் சொன்னார். அவர்களுக்கும் உண்டு. நட்டு, போல்ட், கூலன்ட், ஆயில் மாதிரிச் செலவாகிப்போகிற சாமான்களுக்குத் தனியாகக் கூடுதல் காப்பீடு இல்லை என்றால் கம்பெனி தராது. எது பாகம், எது செலவுச் சாமான் என்று பில்லில் தெரியாவிட்டால் அவர்களின் கோப்பும் என் கோப்பு மாதிரித்தான் மேசையில் கிடக்கும்.

நான் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தடவை போனபோது பட்டறைப் பையன் ஒருவன் தனியாகக் கூப்பிட்டு, "பிளாஸ்டிக்கெல்லாம் மெட்டல்னு போட்டுத் தரச் சொல்லட்டுமா அண்ணே, உங்களுக்குக் கூட வரும்" என்றான். வேண்டாம் என்றேன். சர்வேயர் பம்பரை விரலால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பொய்யாக ஒரு வரி இருந்தால் மொத்தக் கிளெய்மையும் மறுக்கக் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். எனக்குச் சாதகமான பில் வேண்டாம், நடந்ததை எழுதிய பில்தான் வேண்டும்.

இனி என் கோரிக்கைகள்.

இன்சூரன்ஸ் வேலைக்கு மொத்தத் தொகை மட்டுமே எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவிலேயே திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதை எழுத்தில் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் பட்டறைக்குப் பட்டறை ஒரு பதில் வரும்.

அதற்குப் பதிலாகச் சங்கமே ஒரு பில் மாதிரியை அச்சடித்துக் கொடுங்கள். பெரிய வேலை இல்லை. மேல் பகுதியில் பாகங்கள், ஒவ்வொன்றும் தனி வரி, எண்ணிக்கையோடும் விலையோடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தகரமா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, ஃபைபரா என்று ஒரு சொல். நடுவில் லேபர்: கழற்றி மாட்டியது, டிங்கரிங், வயரிங் என்று வேலைவாரியாக. கடைசியில் பெயின்டிங், பேனல்வாரியாக. பெயின்டில் சாமானையும் கூலியையும் உடைத்து எழுதியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'பெயின்டிங்' என்று பேனலுக்கு ஒரு தொகை எழுதினால் போதும், கால்பங்கு விதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சாமானைத் தனியாக எழுதுகிறவர்கள் வாங்கிய விலையை எழுதட்டும். பெயின்ட் பாகத்துக்குள்ளும் போக வேண்டாம், லேபருக்குள்ளும் போக வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னப் பட்டறைகள் ஸ்பேர் கடையில் வாங்கும்போதே வண்டிக்காரரின் பெயரிலும் வண்டி எண்ணிலும் பில் வாங்கிக் கொடுத்துவிட்டு, லேபருக்கும் பெயின்டுக்கும் மட்டும் தங்கள் பில்லைக் கொடுக்கட்டும். இதையும் உறுப்பினர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் சேருங்கள்.

கழற்றிய பிறகு புதிதாக ஒரு சேதம் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, போட்டோ எடுத்து, வண்டிக்காரருக்கும் சர்வேயருக்கும் சொல்லி, துணை எஸ்டிமேட் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும் என்று எழுதி வையுங்கள். மறு ஆய்வு முடியும்வரை பழைய பாகத்தை எறியக் கூடாது, கண்ணாடியாக இருந்தாலும்.

கடைசியாக என் பில். தொகை மாற வேண்டாம், ஜி.எஸ்.டி. மாற வேண்டாம், விவரம் மட்டும் வேண்டும். பழைய பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பட்டறையின் லெட்டர்ஹெட்டில், 52,000 எப்படி வந்தது என்ற பிரிவு விவரம், முத்திரை, கையெழுத்து. என் டைரியில் உள்ள கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன், உரிமையாளர் சரிபார்த்துக்கொள்ளலாம். அது கையில் இருந்தால் கம்பெனியிடம் மறு பரிசீலனை கேட்பேன். அங்கே நடக்காவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். அது கம்பெனிக்கும் எனக்கும் உள்ள வழக்கு. ஆனால் காகிதமே வராவிட்டால் வழக்கு நமக்குள் ஆகிவிடும். விதிப்படி பில் கொடுக்காமல் இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத எனக்கு ஆசை இல்லை. எழுதத் தெரியும்.

இந்த மடல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் பிரிவு விவரத்தை அனுப்புங்கள். பொதுக்குழுத் தேதியையும் தெரிவியுங்கள். கூப்பிட்டால் இந்த இளஞ்சிவப்பு நகலையும் அந்தப் பதினொரு வரி எஸ்டிமேட்டையும் எடுத்துக்கொண்டு நானே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் பட்டறையின் வாடிக்கையாளர்